ஒரு போன், மூன்று பிள்ளைகள்: டேட்டா குறைந்த வீட்டுக்குப் பாடம் திட்டமிடுவது எப்படி?

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீடு. அப்பா மேசன் வேலைக்குப் போகிறவர். வேலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லி வரும் அழைப்புகளுக்காகப் போன் காலையிலேயே அவருடன் போய்விடும். மாலை ஆறரைக்குத்தான் அது வீடு திரும்பும். வரும்போது பற்றரியில் இருபது வீதம்கூட இருக்காது. வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் சாதாரண தரம் எழுத இருக்கிறாள், நடுவில் உள்ளவன் தரம் 7, கடைசி தரம் 4. ஒன்பது மணிக்கு எல்லோரும் படுத்துவிடுவார்கள். ஆக, ஒரு போன், இரண்டரை மணித்தியாலம், மூன்று வகுப்புகள். பரீட்சை எழுதப்போகிறவளுக்கே முதலிடம். மிஞ்சுவதைத்தான் மற்ற இருவரும் பங்கிட வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்தத் தரம் 7 மாணவனுக்குக் கணிதம் காலை பத்து மணிக்கு ஸூமில் நடந்தது. அவன் ஒரு நாளும் போகவில்லை. "வரவில்லை" என்று பதிவேட்டில் விழுந்தது. அவன் படிப்பில் அக்கறை இல்லாதவன் என்று அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. உண்மையில் அந்த நேரத்தில் போன் ஒரு கட்டடத்தின் சாரத்தில் நின்றுகொண்டிருந்தது.

கொரோனாவோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் வகுப்புகள் போனுக்குத்தான் போயின. மாரி மழைக்கு வெள்ளம் வந்து பாடசாலை இடைத்தங்கல் முகாமாகும்போதும் அதேதான் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் வகுப்பறையில் நடப்பதை அப்படியே கமராவுக்கு முன்னால் நடத்துவதாகத்தான் 'ஒன்லைன் பாடம்' விளங்கிக்கொள்ளப்படுகிறது. அந்த வீட்டுப் போனுக்கு ஏற்றமாதிரிப் பாடத்தைத் திட்டமிடலாம் என்பதை முல்லைத்தீவு மாவட்டத்தில் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை எனக்குக் காட்டினார். அவர் பெயர் சொல்ல வேண்டாம் என்றார். அவருடைய தரம் 7 வகுப்பில் 26 பிள்ளைகள். அவர் செய்ததை, செய்த ஒழுங்கிலேயே இங்கே தருகிறேன்.

முதலில் போனைப் பற்றிக் கேட்பது

அவர் பாடக்குறிப்புக் கொப்பியைத் திறப்பதற்கு முன்னர் செய்த வேலை, வகுப்பிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அழைப்பெடுத்தது. வட்ஸ்அப்பில் கேட்டால் வட்ஸ்அப் உள்ளவர்கள் மட்டுமே பதில் சொல்வார்கள் என்பதால் சாதாரண அழைப்பிலேயே பேசினார். ஐந்து கேள்விகள் கேட்டார். போன் எந்த நேரத்தில் வீட்டில் நிற்கும்? அதை எத்தனை பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள்? தொடுதிரைப் போனா, பட்டன் போனா? என்ன டேட்டாப் பொதி போடுகிறீர்கள்? போனில் இடம் இருக்கிறதா?

கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது வகுப்பு நான்காகப் பிரிந்தது. ஒன்பது பிள்ளைகளின் வீட்டில் பகலிலும் போன் நிற்கும். பதினொரு பேருக்கு மாலைக்குப் பிறகுதான். நான்கு வீடுகளில் பட்டன் போன். இரண்டு வீடுகளில் போனே இல்லை. "பகல் பத்து மணி வகுப்பு எண்டால் நான் ஒன்பது பேருக்குத்தான் படிப்பிக்கிறன். மிச்சப் பதினேழு பேரும் எனக்குத் தெரியாமலே விடுபடுறாங்கள்" என்றார் அவர்.

பொதியைப் பற்றிய கேள்வி மேலோட்டமாகத் தெரிந்தாலும் முக்கியமானது. சில வீடுகளில் வட்ஸ்அப் போன்ற செயலிகளுக்கு மட்டுமான மலிவான பொதிதான் இருக்கும். அந்த வீட்டுக்கு யூரியூப் இணைப்பொன்றை வட்ஸ்அப்பில் அனுப்பினால் செய்தி வந்து சேரும், ஆனால் தொட்டதும் திறப்பது வேறொரு செயலி. அதற்கு அந்தப் பொதி செல்லாது. ஒன்றில் காணொளி ஓடாது, அல்லது ரீலோட் காசு கரையும். இணைப்பை அனுப்பிய ஆசிரியருக்கு இது தெரியவே வராது.

கடைசிக் கேள்விக்கு ஒரு தாய் சொன்ன விடை அவரை நிறையவே யோசிக்க வைத்தது. போனில் இடம் இல்லை, வகுப்புக் குழுவில் வரும் படங்களால் நிறைந்துவிடுகிறது, எதையாவது அழித்தால்தான் அடுத்தது வரும். அந்தப் போனில்தான் காணாமல் ஆக்கப்பட்ட அவருடைய கணவரின் படங்களும், அலுவலகங்களுக்குக் கொடுத்த கடிதங்களின் படங்களும் இருக்கின்றன. பிள்ளை தெரியாமல் அழித்துவிடுவானோ என்று பயந்து, வகுப்புக் குழுவிலிருந்து அவரே விலகிவிட்டார். வகுப்புக்குள் அனுப்பும் ஒவ்வொரு படமும் ஒருவருடைய போனில் இடத்தைப் பிடிக்கிறது. எங்களுடைய ஊர்களில் அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, எடையைக் கணக்கிடுவது

சமையலுக்கு அரிசி அளப்பதுபோலப் பாடத்துக்கு டேட்டா அளக்க வேண்டும் என்பது ஆசிரியையின் முறை. கணக்கு கடினமானதல்ல.

குழுவாகக் கூடும் காணொளி வகுப்பு ஒன்று விநாடிக்கு 600 கிலோபிட் அளவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 75 கிலோபைட். நாற்பது நிமிடத்துக்கு, அதாவது 2,400 விநாடிக்கு, 180 மெகாபைட். ஒரு பிள்ளைக்கு, ஒரு பாடத்துக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு.

வட்ஸ்அப் குரல்பதிவு விநாடிக்கு ஏறத்தாழ 16 கிலோபிட்தான். அது 2 கிலோபைட். நிமிடத்துக்கு 120 கிலோபைட். வட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் ஒரு படம் பெரும்பாலும் 150 முதல் 200 கிலோபைட்டுக்குள் நிற்கும். எழுத்தில் அனுப்பும் செய்தி கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது.

இதை வைத்து அவர் தன்னுடைய பாடத்துக்கு வாரம் ஒன்றுக்கு ஒரு பிள்ளைக்கு 5 மெகாபைட் என்று எல்லை போட்டார். ஒன்பது பாட ஆசிரியர்களும் இதே எல்லையில் நின்றால் ஒரு பிள்ளைக்கு வாரம் 45 மெகாபைட். மூன்று பிள்ளைகள் உள்ள அந்த மேசன் வீட்டுக்கு 135 மெகாபைட். ஒரேயொரு ஸூம் வகுப்புக்குப் போகும் டேட்டாவை விடக் குறைவாக, மூன்று பிள்ளைகளும் ஒரு வாரம் முழுவதும் படிக்கலாம்.

பலருடைய கணக்கு பிழைக்கும் இடம் ஸ்கான் செய்த ஆவணம். கைபேசியால் படமெடுத்துச் சேர்த்த பத்துப் பக்க பி.டி.எப். கோப்பு ஒன்று பல மெகாபைட் வரும். அதே பத்துப் பக்கமும் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். இரண்டும் பார்வைக்குப் 'பி.டி.எப்' என்றுதான் தெரியும். அனுப்பும் முன் கோப்பின் அளவைப் பார்ப்பது ஒன்றே வழி.

இன்னொரு கணக்கு எனக்கே புதிதாக இருந்தது. பிள்ளைகள் விடையைப் படமெடுத்துக் குழுவில் போடுவது வழக்கம். 26 பேரும் 200 கிலோபைட் படமொன்றைப் போட்டால் 5.2 மெகாபைட். அவ்வளவும் ஒவ்வொரு போனுக்கும் போய் இறங்கும். ஒரு வாரத்துக்கான எல்லை ஒரேயொரு பயிற்சியில் முடிந்துவிடும். அதனால் அவர் குழுவில் நிர்வாகி மட்டுமே அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றினார். விடைகள் அவருக்குத் தனியாக மட்டும் வரும். 'ஓகே ரீச்சர்', 'குட் மோர்னிங்' என்று எழுபது செய்திகளுக்குள் பாடத்தைத் தேடும் வேலையும் அதோடு ஒழிந்தது. படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தும் அமைப்பைப் பெற்றோருக்கு அழைப்பிலேயே சொல்லிக்கொடுத்தார். விலகிப்போன தாயும் அதன்பிறகு திரும்பி வந்தார்.

குழுவே வேண்டாம் என்ற வீடுகளும் இருந்தன. குழுவில் சேர்ந்தால் பெண்பிள்ளையுள்ள வீட்டின் இலக்கம் எல்லோருக்கும் தெரியும். அது பிடிக்காத பெற்றோருக்கு அவர் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பினார். அதில் ஒருவருடைய இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. ஒரேயொரு நிபந்தனை, ஆசிரியையின் இலக்கத்தை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருக்க வேண்டும். சேமிக்காவிட்டால் செய்தி வராது, வரவில்லை என்ற அறிவிப்பும் வராது. "பாடம் ஒண்டும் வரேல்லை" என்று ஒரு வீடு சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது, பாடத்தை அமைப்பது

எடுத்துக்காட்டாக ஒரு பாடம்: வெவ்வேறு பகுதியெண் கொண்ட பின்னங்களைக் கூட்டல். வகுப்பறையில் இதற்கு ஒரு பாடவேளை போதும். ஆசிரியை கரும்பலகையில் கீறுவார், பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார், விளங்கவில்லை என்று தெரிந்தால் திரும்பச் சொல்வார். போனில் முகம் தெரியாது. ஆகவே எங்கே விளங்காமல் போகும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். திட்டமிடலில் கூடுதல் நேரம் எடுத்தது இதற்குத்தான் என்றார்.

அனுப்பியவை நான்கு.

முதலாவது, எழுத்துச் செய்தி. "கணிதம் 7. பின்னம், 4இல் 1ஆம் பாடம். வியாழன் இரவுக்குள் முடிக்க வேண்டும். தேவை: கொப்பி, பென்சில், அடிமட்டம். போன் தேவைப்படும் நேரம் 10 நிமிடம். போன் இல்லாமல் செய்யும் வேலை 30 நிமிடம்." இந்தக் கடைசி இரண்டு வரிகளும் பெற்றோருக்கானவை. பிள்ளை போனை எவ்வளவு நேரம் கேட்கப்போகிறான் என்று தெரிந்தால்தான் மூன்று பேருக்கும் பங்கிட முடியும்.

இரண்டாவது, ஒரு படம். கரும்பலகையைப் படமெடுத்து அனுப்பினால் சிறிய திரையில் எழுத்துத் தெரியாது. வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புப் பேனாவால் எழுதி, பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் வைத்து எடுத்தார். தாளில் இருந்தது ஒரு செவ்வகம் மட்டுமே. குறுக்கே மூன்றும் நெடுக்கே இரண்டுமாக ஆறு கட்டங்கள். அரைவாசி என்றால் மூன்று கட்டம், மூன்றிலொன்று என்றால் இரண்டு கட்டம், இரண்டும் சேர்ந்தால் ஐந்து கட்டம். ஆகவே 1/2 + 1/3 = 5/6. அனுப்புவதற்கு முன் தன் தாயாரின் பழைய போனுக்கு ஒருமுறை அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத இரண்டு குரல்பதிவுகள். அவற்றில் "இதைப் பாருங்கோ" என்ற சொல்லே கிடையாது. கேட்பவருக்கு 'இது' எது என்று தெரியாது. "செவ்வகத்தின்ர மேல் வரிசையில மூண்டு கட்டம் இருக்கு. அதை நிழற்றுங்கோ. இப்ப என்ர குரலை நிப்பாட்டிப்போட்டு நிழற்றுங்கோ" என்று செய்யவேண்டியதைச் சொல்லி, நிறுத்தும் இடத்தையும் சொன்னார். நீளமான ஒரு பதிவைவிடக் குறுகிய இரண்டு பதிவுகள் நல்லவை. இறங்கும்போது சிக்னல் அறுந்தால் சிறியதை மட்டும் திரும்ப இறக்கினால் போதும்.

நான்காவது, பாடநூல் பக்கமும் கணக்கு இலக்கங்களும். இது பலர் மறந்துவிடும் வளம். அரசு இலவசமாகக் கொடுக்கும் பாடநூல் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதிலுள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவது, இருப்பதையே காசு கொடுத்து மறுபடி வாங்கச் சொல்வதுபோல. இலக்கத்தைச் சொன்னால் போதும். முப்பது நிமிட வேலை முழுவதும் போன் இல்லாமலே நடக்கும். அந்த நேரத்தில் போன் அக்காவிடம் போகும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். குரல்பதிவுகள் நான்கு நிமிடம், 480 கிலோபைட். பாடத்தின் படம், பிள்ளை திருப்பி அனுப்பும் விடையின் படம், இரண்டுக்கும் 400. பிழை திருத்தி ஆசிரியை அனுப்பும் ஒரு நிமிடப் பதிவுக்கு 120. மொத்தம் சரியாக ஒரு மெகாபைட். வாரம் நான்கு பாடம் என்றாலும் 5 மெகாபைட் எல்லைக்குள் நிற்கிறது.

நான்காவது, விளங்கியதா என்று அறிவது

இரண்டு நீலச் சரி அடையாளம் விழுந்தால் பிள்ளை படித்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. மேசன் வேலைக்கு நடுவில் அப்பா செய்தியைத் திறந்திருக்கலாம். கொப்பியில் என்ன எழுதப்பட்டது என்பது ஒன்றே சாட்சி.

ஆசிரியை பத்துக் கணக்குக் கொடுத்தாலும் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான். அந்தக் கணக்கை, பிழையான விடையிலிருந்தே பிழையின் காரணம் தெரியும்படி தெரிவு செய்தார். 1/4 + 2/3 எவ்வளவு?

சரியான விடை 11/12. பன்னிரண்டு கட்டச் செவ்வகத்தில் மூன்று கட்டமும் எட்டுக் கட்டமும். 3/7 என்று எழுதிய பிள்ளை மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருக்கிறது. பின்னம் என்றால் என்ன என்பதே அதற்குப் பிடிபடவில்லை. 3/12 என்று எழுதிய பிள்ளைக்குப் பொது மடங்குகளுட் சிறியது 12 என்பது தெரிந்திருக்கிறது. ஆனால் பகுதியெண்ணை மாற்றியதற்கேற்பத் தொகுதியெண்ணை மாற்ற மறந்துவிட்டது. சமவலுப் பின்னம்தான் அதற்கு ஓட்டை. இரண்டு பிழைகளும் ஒன்றல்ல, மருந்தும் ஒன்றல்ல.

இதை முன்னரே தெரிந்து வைத்திருந்ததால் இரண்டுக்கும் ஒவ்வொரு நிமிடக் குரல்பதிவைப் பாடம் அனுப்பும் முன்னரே செய்து வைத்திருந்தார். 3/7க்கு: "உங்கட விடை அரைவாசியிலும் குறைவு. ஆனால் 2/3 மட்டுமே அரைவாசியிலும் கூட. ஒண்டோட இன்னொண்டைக் கூட்டினால் எப்பிடிக் குறையும்? பன்னிரண்டு கட்டம் கீறி எண்ணிப் பாருங்கோ." 3/12க்கு: "1/4ஐப் பன்னிரண்டு கட்டத்தில நிழற்றினால் எத்தினை கட்டம் வரும்?" படங்கள் வந்ததும் உரிய பதிவை உரிய பிள்ளைக்கு அனுப்புவது மட்டும்தான் மிச்ச வேலை. 26 பேருக்கும் தனித்தனியாகப் பேசியிருந்தால் அந்த இரவு போதாது.

ஒரு வாரம் ஐந்து பேரிடமிருந்து ஒரே மாதிரியான, ஒரே இடத்தில் பிழைத்த விடை வந்தது. பார்த்தெழுதியது வெளிப்படை. அவர் ஏசவில்லை. அடுத்த வாரம் முதல் இடாப்பு இலக்கம் ஒற்றை என்றால் ஒரு கணக்கு, இரட்டை என்றால் வேறு கணக்கு. பார்த்தெழுதுவது முற்றாக நிற்கவில்லை, ஆனால் யார் யாருடையதைப் பார்த்தது என்று தெரியவந்தது. அவர்களில் இருவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பட்டன் போனும், போனே இல்லாத வீடும்

பட்டன் போன் உள்ள நான்கு பேருக்கும் குறுஞ்செய்தி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70தான். கொம்பும் காலும் விசிறியும் புள்ளியும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. ஆகவே "கட்டம் கீறி 1/2+1/3 செய்க. பிறகு பயிற்சி 2" என்ற அளவிலேயே அனுப்பினார். பழைய போன்கள் சிலவற்றில் தமிழ் எழுத்துக்குப் பதில் சதுரங்கள் விழும். அதனால் முதல் செய்தியை அனுப்பியதும் அழைத்து, வாசித்துக் காட்டச் சொன்னார்.

விடை இலக்கங்களில் மட்டும். கேள்விக்கு மூன்று தெரிவுகள்: 1 என்றால் 3/7, 2 என்றால் 3/12, 3 என்றால் 11/12. பிள்ளை தன் இடாப்பு இலக்கத்தையும் தெரிவையும் அனுப்பினால் போதும். "14 2" என்று வந்தால் பதினான்காம் பிள்ளைக்குச் சமவலுப் பின்னம் திரும்பச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை நான்கு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பத்து நிமிடம் பேசினார்.

போனே இல்லாத இருவருக்கும் பாடம் தாளில் போனது. ஊரிலுள்ள கடையொன்றில் திங்கட்கிழமை உறையை வைப்பார், அடுத்த திங்கள் விடைத்தாளை எடுப்பார். எண்ணெய் இல்லாத காலத்தில் ஜாம்போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்குத் தாளும் கடையும் புதிதல்ல. ஆனால் இதில் பிழை திருத்தம் ஒரு வாரம் பிந்தும். பிள்ளை பிழையான முறையையே ஒரு வாரம் பழகும். அதனால் அந்த உறைக்குள் மட்டும், மடித்து ஒட்டிய ஒரு துண்டில் விடைகளையும் வைத்தார். செய்து முடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்பது பிள்ளைக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம்.

இந்த முறையால் முடியாதவை

தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்குவது இப்படி நடக்காது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். விஞ்ஞானச் செய்முறைகளும் கடினம். ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு போதாது. அவருடைய வகுப்பில் மூன்று பேருக்கு எவ்வளவு அனுப்பியும் சமவலுப் பின்னம் ஏறவில்லை. பாடசாலை திறந்த முதல் வாரமே அவர்களைத் தனியாக இருத்திச் சொல்லிக்கொடுத்தார். யாரை இருத்த வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது என்பதுதான் இந்த முறையால் கிடைத்த லாபம்.

ஒரு ஆசிரியர் மட்டும் எல்லை போட்டாலும் போதாது. மற்ற எட்டுப் பேரும் ஸ்கான் கோப்புகளை அனுப்பினால் வீட்டு டேட்டா எப்படியும் முடிந்துவிடும். இங்கே அதிபர் செய்யக்கூடிய வேலை இரண்டு. பாடத்துக்கு இவ்வளவு மெகாபைட் என்று எல்லோருக்கும் பொதுவான எல்லை ஒன்றை வைப்பது ஒன்று. தரங்களுக்கு நாளைப் பிரித்துக் கொடுப்பது மற்றது. தரம் 7க்குச் செவ்வாயும் வியாழனும், தரம் 4க்குத் திங்களும் புதனும் என்றால் ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே மாலையில் போனுக்குச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

அந்த மேசன் வீட்டு மாணவனின் முதல் விடை ஒரு வியாழன் இரவு 8.47க்கு வந்தது. கொப்பியில் பன்னிரண்டு கட்டம், நேராகக் கீறப்பட்டிருந்தது. கீழே 3/12. ஆசிரியை இரண்டாவது குரல்பதிவை அனுப்பினார். போன் அப்பாவோடு வேலைக்குப் போய்த் திரும்பி வந்து, மறுநாள் இரவு ஏழேகாலுக்கு அடுத்த படம் வந்தது. இம்முறை பதினொரு கட்டங்கள் நிழற்றப்பட்டிருந்தன.